களிமண் கொலு பொம்மை கூரியரில் போகும்போது கை மட்டும் உடைகிறது, பெட்டியில் ஒரு நசுங்கலும் இல்லை. எங்கே தவறு?

வைகைக்கரை
எல்லாருக்கும் வணக்கம். விளாச்சேரியில் வாங்கி, வண்ணம் திருத்தி, வெளியூருக்கு அனுப்புகிறேன். நவராத்திரிக்கு முன்னால் வருகிற இரண்டு மாதம்தான் எங்களுக்கு வியாபாரமே. இந்த முறை தசாவதார செட்டுக்கு நிறைய கேட்கிறார்கள். ஒரு பொம்மை 25 செ.மீ. உயரம், கிட்டத்தட்ட 900 கிராம். பத்தும் சுட்ட களிமண்.

பொம்மை ஒவ்வொன்றுக்கும் சின்னக் குமிழ் பபிள் ராப் இரண்டு சுற்று, மேலே டேப். பிறகு த்ரீ ப்ளை பெட்டி. நடுவில் கிடைக்கிற இடத்தில் கசக்கிய செய்தித்தாளும் தெர்மாகோல் துண்டும். புனே போன செட்டில் ராமர் வில் பிடித்த கை, வாமனர் குடை, பரசுராமர் மழு மூன்றும் போய்விட்டன. மச்சம், கூர்மம், வராகம் மூன்றும் ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பெட்டி வெளியே புதுசு மாதிரி இருக்கிறது. அதனால் கூரியரில் கேட்டால் "பெட்டி நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். என்ன மாற்ற வேண்டும்?

நெல்லைச்சீமை
ரெண்டு சுற்று பத்தாதுங்க. அஞ்சு சுற்று போடுங்க, டேப்பை நல்லா இறுக்கி ஒட்டுங்க, உள்ளே அசையவே கூடாது. பெட்டி நாலு பக்கமும் சிவப்பு ஸ்டிக்கர். நான் கண்ணாடி டம்ளர் செட் அனுப்புறேன், உடைஞ்சதே கிடையாது. பபிள் ராப்ல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது, அவ்ளோதான்.

அட்டைமில்
வைகைக்கரை அம்மா, பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

உடைந்த கை பபிள் ராப்புக்கு உள்ளேயே, இருக்க வேண்டிய இடத்திலேயே கிடந்ததா, இல்லை கீழே இறங்கிக் கிடந்ததா? பெட்டியைத் திறந்தபோது மேலே செய்தித்தாள் மூடிவரைக்கும் இருந்ததா, தாழ்ந்து போயிருந்ததா? பொம்மையின் வண்ணம் எங்காவது தேய்ந்திருக்கிறதா? வாடிக்கையாளர் வீடியோ எடுத்திருந்தால் அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

(சிவகாசிப் பக்கம் அட்டைப்பெட்டி ஆலையில் மாதிரி செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெட்டி உடைவதைவிட பெட்டிக்குள் உடைவதுதான் எங்களிடம் அதிகம் வரும் புகார்.)

ஈரோட்டுப்_பையன்
அக்கா க்ளெய்ம் போடணும்னா புக்கிங் பண்ணும்போதே மதிப்பு எழுதியிருக்கணும். ரசீது பின்னாடி படிச்சுப் பாருங்க, கண்ணாடி, மண் சாமான் எல்லாம் பொறுப்பில்லன்னு நிறைய இடத்துல போட்டிருப்பாங்க. பேக் பண்ணும்போது ஒரு வீடியோ, பிரிக்கும்போது கட் பண்ணாத ஒரு வீடியோ. இது ரெண்டும் இருந்தாத்தான் பேசவே முடியும்.

வைகைக்கரை
தம்பி, பணம் திரும்ப வாங்குவது இல்லை என் கேள்வி, உடையாமல் போக வேண்டும். ஆனாலும் மதிப்பு எழுதாமல்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம், அதைக் கவனிக்கிறேன். நன்றி.

அட்டைமில் அண்ணா, வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். ராமர் கை ராப்புக்குள் அதே இடத்தில்தான் இருந்தது. பிரித்தபோது கையோடு வந்துவிட்டது. வாமனர் குடை மட்டும் பொடியாக இருந்தது. திறந்ததும் செய்தித்தாள் ஒரு கையகலம் கீழே போயிருந்தது, பொம்மைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. கல்கியின் குதிரை முதுகில் வண்ணம் தேய்ந்திருக்கிறது, பக்கத்துப் பொம்மை உரசியிருக்கும் போல.

அட்டைமில்
இப்போது தெளிவாகிவிட்டது. நடந்தது ஒன்றல்ல, மூன்று. தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் வாமனர் குடை. பொடியாகியிருக்கிறது என்றால் அதை எதுவோ நேராக அழுத்தியிருக்கிறது. செய்தித்தாளைக் கசக்கிப் போட்டால் பேக் பண்ணும் நேரத்தில் நிறைவாகத்தான் தெரியும். லாரியில் ஒரு இரவு அதிர்ந்தால் தாள் மடிந்து படிந்துவிடும், திரும்ப எழாது. அந்த இடத்தில் வெற்றிடம் வரும். பிறகு பத்துப் பொம்மையும் ஒன்பது கிலோவாக ஒரு பக்கம் போய் இடிக்கும். குதிரை முதுகில் வண்ணம் தேய்ந்ததற்கும் அதுவே காரணம். தெர்மாகோல் துண்டும் இதே கதைதான், ஒரு அடி வாங்கினால் நசுங்கியது நசுங்கியதுதான். இரண்டாவது அடிக்கு அது உதவாது. வெள்ளை ஃபோம் ஷீட் அப்படியில்லை, அமுங்கிவிட்டுத் திரும்ப எழும்பும்.

அடுத்தது ராமர் கை. இதுதான் முக்கியம். கையை எதுவும் தொடவே வேண்டாம், தானே உடையும். எப்படி என்றால், பெட்டி மேசை உயரத்திலிருந்து, ஒரு 76 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், விழுகிறது. தரையில் பட்டதும் பெட்டி நின்றுவிடும். உள்ளே இருக்கும் பொம்மை நிற்பதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கிறது? உங்கள் சின்னக் குமிழ் ராப் இரண்டு சுற்றுச் சேர்ந்து ஒரு செ.மீ. இருக்கும். அது பாதி அமுங்கினால் 5 மி.மீ. 76 செ.மீ. விழுந்த வேகத்தை 5 மி.மீ.க்குள் நிறுத்த வேண்டும். 760ஐ 5ஆல் வகுத்துப் பாருங்கள், 152. அதாவது நிற்கிற அந்த நேரத்தில் பொம்மையின் ஒவ்வொரு பாகமும் சராசரியாகத் தன் எடையைப் போல 150 மடங்கு இழுக்கும். உச்சத்தில் இன்னும் அதிகம். வில்லோடு அந்தக் கை 20 கிராம் இருந்தால், தோளில் மூன்று கிலோ தொங்கவிட்ட மாதிரி. சுட்ட களிமண் கை அதைத் தாங்காது. ராப்புக்கு உள்ளேயே, அதே இடத்திலேயே முறிந்து நிற்கும். நீங்கள் பார்த்தது அதுதான்.

அதே பெட்டியில் சுற்றிலும் 5 செ.மீ. கனத்துக்கு ஃபோம் இருந்து அது பாதி அமுங்கினால் நிற்கும் தூரம் 25 மி.மீ. அப்போது 30 மடங்குதான். கைக்கு 600 கிராம். அதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். மச்சமும் கூர்மமும் ஏன் தப்பின என்றால் அவற்றில் நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை.

மூன்றாவது, இறுக்கமான டேப். ராப் சுற்றி டேப்பை இழுத்து ஒட்டும்போது முதலில் மாட்டுவது முழங்கைதான். பேக் பண்ணும்போதே மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது. முறிவின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஒரே நிறமாக, சுத்தமாக இருந்தால் ஒரே அடியில் போனது. ஒரு பகுதி அழுக்காகவோ வண்ணம் ஊறியோ இருந்தால் விரிசல் முன்பே இருந்தது, வாங்கும்போதே வந்திருக்கலாம்.

நெல்லைச்சீமை
அண்ணே, டைட்டா இருக்கணும்னு சொன்னது தப்புன்னு சொல்றீங்களா? என் டம்ளர் உடையலையே.

அட்டைமில்
உங்கள் டம்ளருக்கு நீங்கள் செய்வது சரி. டம்ளர் 150, 200 கிராம், உருண்டை, எந்தப் பக்கம் அழுத்தினாலும் சுவர் முழுவதும் பகிர்ந்து தாங்கும். அதற்கு பபிள் ராப் நல்ல பொருள். உள்ளே காகிதம் திணித்து, வாய்ப்பக்கம் கீழே வராமல் வைத்தால் போதும்.

900 கிராம் பொம்மை ஒரு சிறிய அடிப்பீடத்தில் நிற்கும்போது சின்னக் குமிழ் முழுக்கத் தட்டையாகிவிடும். தட்டையான பிறகு அது வெறும் பிளாஸ்டிக் தாள். அஞ்சு சுற்று போட்டாலும் பீடத்தின் விளிம்பில் குமிழ்கள் வெடித்துவிடும், வெடிக்காதவையும் கனம் தொடர்ந்து இருந்தால் மெல்லக் காற்றை விட்டுவிடும்.

அசையக் கூடாது என்பதும் சரி. ஆனால் எதைப் பிடித்து அசையாமல் நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி. இடுப்பை, பீடத்தை, முதுகைப் பிடித்து நிறுத்தலாம். கையைப் பிடித்து நிறுத்தக் கூடாது.

ஸ்டிக்கர் ஒட்டுங்கள், தடையில்லை. ஆனால் ஹப்பில் ராத்திரி கன்வேயரில் வரும் பெட்டியை யாரும் படித்துப் பார்த்துத் தூக்குவதில்லை. ஆறு பக்கத்தில் எந்தப் பக்கம் கீழே வந்தாலும் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும்.

பழைய_குயவர்
வில்லியனூர்ப் பக்கம். எங்கள் அப்பா காலத்தில் ஓலைக்கூடை, உள்ளே வைக்கோல். பம்பாய் வரைக்கும் ரயிலில் போகும். வைக்கோலைப் பிரி முறுக்கிப் பொம்மை இடுப்பில் சுற்றுவோம், கை கால் பக்கம் தளர்வாக விடுவோம். அட்டைமில் தம்பி சொல்கிறதும் அதேதான். இப்போது வைக்கோல் வேண்டாம், ஈரம் இழுக்கும், பூச்சி வரும், ஐப்பசி மழையில் வண்ணத்தில் கறை பிடிக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன் அம்மா. வில்லையும் குடையையும் மழுவையும் ஏன் கையோடு ஒட்டி அனுப்புகிறீர்கள்? கையில் துளை விட்டுச் சுடச் சொல்லுங்கள். ஆயுதத்தைத் தனியாக மரத்திலோ தகரத்திலோ செய்து செருகிக் கொள்ளட்டும். நாங்கள் வேல், சூலம் எல்லாம் அப்படித்தான் கொடுக்கிறோம். உடைகிற பாகத்தைப் பொத்திப் பொத்தி வைப்பதைவிட அதைக் கழற்றி வைப்பது சுலபம்.

சித்திரக்கூடம்
இடையில் என் கேள்வியும். தஞ்சாவூர் ஓவியம், கண்ணாடி போட்ட சட்டம், 18க்கு 15 அங்குலம். இதுக்கும் 5 செ.மீ. ஃபோம்தானா? படுக்க வைச்சா, நிக்க வைச்சா?

அட்டைமில்
கண்ணாடி வேறு கணக்கு, தனி இழை போட்டால் விரிவாகப் பேசலாம். சுருக்கமாக: முடிந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்ரிலிக் போட்டு அனுப்புங்கள். முடியாவிட்டால் கண்ணாடி மேல் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கள். அது உடைவதைத் தடுக்காது, உடைந்தால் சில்லு ஓவியத்தைக் கிழிக்காமல் பிடித்து வைக்கும். நான்கு மூலைக்கும் ஃபோம் மூலைகள், முன்னும் பின்னும் ஃபைவ் ப்ளை அட்டை, அட்டை கண்ணாடியைத் தொடாமல் சட்டத்தில் மட்டும் உட்கார வேண்டும். பெட்டிக்குள் நிற்க வையுங்கள். படுக்க வைத்தால் மேலே அடுக்குகிற எல்லாப் பாரமும் கண்ணாடி நடுவில் வந்து நிற்கும். கல்லும் தங்கத்தாளும் இருக்கிற பக்கத்தில் பபிள் ராப்பை நேராகப் படவிடாதீர்கள்.

வைகைக்கரை
குயவர் ஐயா, மிக்க நன்றி. விளாச்சேரியில் அடுத்த சூளைக்கே துளை விட்டுக் கேட்கிறேன். ஆனால் கையிருப்பில் இருக்கிற செட்களை இப்படியே அனுப்பியாக வேண்டும். அட்டைமில் அண்ணா, ஒரு பொம்மையை முதலிலிருந்து எப்படிக் கட்டுவது என்று சொல்ல முடியுமா? ராமரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டைமில்
சொல்கிறேன். சாமான் எல்லாம் மதுரையில் கிடைக்கும்: 3 மி.மீ. ஃபோம் ரோல், 25 மி.மீ. கனமுள்ள ஃபோம் பலகை, பட்டர் பேப்பர், த்ரீ ப்ளை தடுப்பு அட்டை, ஃபைவ் ப்ளை பெட்டி.

வண்ணம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தி ஒட்டாமல் வந்தாலும் வார்னிஷ் உள்ளே இளகியிருக்கலாம். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் பபிள் ராப் அதன்மேல் வட்ட வட்டமாகத் தடம் பதித்துவிடும். செய்தித்தாள் மை வெளிர் நிறத்தில் ஏறும். அதனால் உடம்பை ஒட்டி முதலில் பட்டர் பேப்பர் ஒரு சுற்று.

பிறகு கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற சந்து. மெல்லிய டிஷ்யூ தாளை உருட்டி, திணிக்காமல், அந்தச் சந்து நிறைகிற அளவு மட்டும் வையுங்கள். கை உடம்போடு சேர்ந்து நகர வேண்டும், அதற்குத்தான் இது. வெளியிலிருந்து கையை எதுவும் அமுக்கக் கூடாது.

அடுத்து 3 மி.மீ. ஃபோம் இரண்டு சுற்று, தளர்வாக. டேப் ஃபோம் மேல் ஃபோமை ஒட்டுவதற்கு மட்டும், இழுத்துக் கட்டுவதற்கு அல்ல. இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும்.

இனி அறை. தடுப்பு அட்டையால் பெட்டிக்குள் அறை அறையாகப் பிரிக்கிறோம். ராமருக்கு உள்ளளவு 15க்கு 14 செ.மீ. அறையின் தரையில் 25 மி.மீ. ஃபோம் பலகை. பீடம் அதில் முழுதாக உட்கார வேண்டும். இடுப்பு உயரத்துக்கு முன்னும் பின்னும் இரு பக்கமும் ஃபோம் துண்டு வெட்டிச் செருகுங்கள். கை இருக்கிற உயரத்தில் ஒன்றும் வேண்டாம், அங்கே காலியாகவே இருக்கட்டும்.

பலரும் மறப்பது தலைகீழாக விழுவதை. கிரீடத்தின் நுனி ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். பெட்டி கவிழ்ந்தால் 900 கிராமும் அந்த நுனியில் வந்து மேல் ஃபோமைக் குத்தும், கிரீடம் போய்விடும். அதனால் மேலே போடும் ஃபோமில் கிரீடம் நுழைகிற மாதிரி ஓட்டை வெட்டி, அந்த ஃபோம் தோளில் உட்கார வேண்டும். கவிழ்ந்தால் தோள் தாங்கும்.

தடுப்பு அட்டையின் உயரம் பொம்மையைவிடச் சற்றே அதிகமாக இருக்கட்டும். மேலே இன்னொரு பெட்டி அடுக்கினால் அந்தப் பாரம் தடுப்பு வழியாக இறங்கும், பொம்மைக்கு வராது. அட்டையில் நெளி மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்டுங்கள். படுக்கையாக வெட்டினால் பாதி பலம்கூட இருக்காது.

இந்த அறைக்கூட்டம் முழுவதற்கும் வெளியே, கீழே, மேலே, நான்கு பக்கமும் 5 செ.மீ. ஃபோம். இதுதான் அந்த 25 மி.மீ. நிற்கும் தூரத்தைத் தரப்போவது, இதில் மட்டும் குறைக்காதீர்கள். பெட்டியை மூடும்போது மேல் மடல் லேசாக எதிர்க்க வேண்டும், விரல் கனத்துக்கு. அழுத்தி உட்கார்ந்து மூடினால் நிரப்பியது அதிகம், பக்கங்கள் பிதுங்கி மூலைகள் பலம் இழக்கும். டேப் நடு இணைப்பில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, மேலும் கீழும். பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் திறந்துவிடுங்கள்.

வைகைக்கரை
அண்ணா, புரிந்தது. ஆனால் கணக்குப் போட்டேன். ஐந்து ஐந்தாகப் பிரித்து இரண்டு பெட்டி என்றால் ஒவ்வொன்றும் 54க்கு 42க்கு 38 செ.மீ. வருகிறது. உள்ளே ஏழு கிலோகூட இல்லை, ஆனால் கூரியர் கவுண்டரில் நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுத்து 17 கிலோவுக்குப் பில் போடுகிறார். இரண்டு பெட்டிக்கு 34 கிலோ. செட் விலையில் பாதி கூரியருக்கே போனால் யார் வாங்குவார்கள்?

பழைய_குயவர்
அதற்குத்தான் ஆயுதத்தைக் கழற்றச் சொன்னேன். கை நீட்டம் போனால் அறை சுருங்கும்.

அட்டைமில்
ஐயா சொல்வது சரி. ஆயுதம் தனியாக வந்தால் அறை 12க்கு 11 போதும். பெட்டி 46க்கு 36க்கு 38 ஆகும், பில் 12.6 கிலோ. ஒரு பெட்டிக்குக் கிட்டத்தட்ட நாலரை கிலோ மிச்சம். ஃபோமைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள், பொம்மையின் நீட்டத்தைக் குறைத்து மிச்சம் பிடியுங்கள்.

கையிருப்புக்கு இன்னொரு வழி உண்டு. பத்துக்கும் ஒரே அளவு அறை வேண்டியதில்லை. மச்சம், கூர்மம், வராகம் மூன்றும் நெருக்கமான அறையில் போகட்டும். ராமர், பரசுராமர், வாமனர், கலப்பை வைத்த பலராமர் இவர்களுக்கு மட்டும் பெரிய அறை.

நெல்லைச்சீமை
பத்தையும் ஒரே பெட்டியில போட்டா பில் இன்னும் குறையுமே? பெரிய கனமான பெட்டியை யாரும் தூக்கி எறியவும் மாட்டாங்க. ரெண்டு பேர் சேர்ந்து இறக்குவாங்க.

அட்டைமில்
இதில் உண்மை இருக்கிறது. பேக்கேஜிங் சோதனைக்கான இஸ்டா 1ஏ முறையில்கூட ஒன்பதரை கிலோவுக்குள் உள்ள பெட்டியை 76 செ.மீ.யிலிருந்து போடுவார்கள், அதற்கு மேல் 19 கிலோ வரை 61 செ.மீ.தான். கனம் கூடினால் விழும் உயரம் குறையும். ஆனால் ஒரே பெட்டி என்றால் ஒரே விபத்தில் பத்தும் போகும். பதினைந்து கிலோ பெட்டியைத் தூக்காமல் இழுத்துத் தள்ளுவார்கள், ஒரு விளிம்பில் கவிழ்ப்பார்கள். நான் இரண்டு பெட்டி பக்கம்தான். உறுதியாக அடித்துச் சொல்ல மாட்டேன்.

நெல்லைச்சீமை
நான் ஒரு பெட்டிதான் சொல்வேன். ரெண்டு பெட்டின்னா ஒண்ணு மட்டும் தொலையிற தலைவலியும் இருக்கு.

புனேவாசி
வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. வருஷா வருஷம் ஊரிலிருந்து பொம்மை வரவழைக்கிறேன். போன தடவை எங்கள் வீட்டில் ஒரு கை உடைந்தது வழியில் அல்ல, பிரிக்கும்போதுதான். பழுப்பு டேப்பை அத்தனை சுற்று சுற்றியிருந்தார்கள், கத்திரிக்கோலை உள்ளே விட்டு நெம்ப வேண்டியிருந்தது. இன்னொரு தடவை பிள்ளையாரின் எலி ஃபோம் துண்டோடு குப்பைக்குப் போகப் பார்த்தது, என் மாமியார்தான் கண்டுபிடித்தார்.

டேப்பின் முனையை மடித்து ஒரு வால் மாதிரி விடுங்கள், இழுத்தால் வர வேண்டும். பெட்டி மூடியைத் திறந்ததும் மேலே ஒரு தாள்: உள்ளே எத்தனை பொம்மை, எத்தனை ஆயுதம், எது எந்த அறையில். "இடுப்பைப் பிடித்துத் தூக்கவும்" என்று பெரிதாக எழுதுங்கள். பிள்ளைகள் எல்லாம் கையைப் பிடித்துத்தான் இழுக்கும்.

அட்டைமில்
அருமையான குறிப்பு. ஆயுதங்களைச் சிறு டப்பாவில் போட்டு, வண்ண டேப் ஒட்டி, மூடி திறந்ததும் தெரிகிற இடத்தில் வைத்தால் குப்பைக்குப் போகாது.

அம்மா, அனுப்புவதற்கு முன்பு வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். நிராகரித்த பொம்மைகளை வைத்துக் கட்டி, மேசை உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் பத்து முறை: அடிப்பக்க மூலை ஒன்று, அந்த மூலையில் சேர்கிற மூன்று விளிம்பு, பிறகு ஆறு முகம். வரிசையை மாற்ற வேண்டாம். முடித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

வைகைக்கரை
போட்டுப் பார்த்துவிட்டேன். பழைய முறையில் ஒன்று, நீங்கள் சொன்ன முறையில் ஒன்று.

பழைய முறைப் பெட்டியைத் திறந்தபோது புனே வீடியோவில் பார்த்ததேதான். கைகள் அதே இடத்தில் முறிந்து நின்றன, செய்தித்தாள் தாழ்ந்திருந்தது, பெட்டியில் ஒரு மூலை மட்டும் லேசாக மடிந்திருந்தது.

புது முறையில் ராமர், பரசுராமர், வாமனர் மூவரும் முழுசாக வந்தார்கள். வாமனர் குடை விளிம்பில் மட்டும் வண்ணம் பெயர்ந்திருந்தது, அறை சுவரில் பட்டிருக்கிறது. அந்த அறையை இன்னும் ஒரு செ.மீ. பெரிதாக்க வேண்டும். கிரீடம் எல்லாம் நன்றாக இருக்கிறது.

போனது கல்கி. அறை இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி வைத்தேன். குதிரையின் தூக்கிய முன்னங்கால் இரண்டும் முட்டியில் முறிந்துவிட்டன. அதைக் கழற்றவும் முடியாது.

அட்டைமில்
குதிரையின் வயிற்றுக்குக் கீழே தாங்கல் கொடுத்தீர்களா? கல்கி பொம்மையில் எடை முழுவதும் முன்பக்கம் சாய்ந்திருக்கும். பீடத்தை மட்டும் பிடித்தால் பக்கவாட்டில் விழும்போது மேல்பாதி ஆடும். வயிற்றுக்கும் பீடத்துக்கும் நடுவில் அளவாக ஒரு ஃபோம் துண்டு வெட்டி வையுங்கள், நெஞ்சுக்கு முன்னால் இன்னொன்று. முன்னங்கால் இரண்டும் அந்த நெஞ்சுத் துண்டுக்கு மேலே காற்றில் நிற்கட்டும்.

பழைய_குயவர்
எனக்கு அதில் சம்மதமில்லை தம்பி. காலைக் காற்றில் விட்டால் முட்டியில்தான் போகும், இப்போது போன மாதிரி. ராமர் கைச் சந்தில் டிஷ்யூ வைக்கச் சொன்னீர்கள் அல்லவா, அதேபோல் இரண்டு காலுக்கும் நடுவிலும் காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலும் மெத்தென்று நிரப்ப வேண்டும். கால் நெஞ்சோடு சேர்ந்து போக வேண்டும். நாங்கள் ஐயனார் குதிரைக்கு அப்படித்தான் செய்கிறோம்.

அட்டைமில்
ஐயனார் குதிரைக்கு நீங்கள் செய்வது சரியாகவே இருக்கும், அதன் கால் தடிமன். இந்தக் கல்கிக்குக் கால் விரல் கனம்தான் இருக்கும், நிரப்புவது கொஞ்சம் அதிகமானாலும் அதுவே நெம்பும். அம்மா, இரண்டு முறையிலும் ஒவ்வொன்று கட்டிப் போட்டுப் பாருங்கள். பக்கவாட்டு விழுதலை மட்டும் செய்தாலே தெரிந்துவிடும்.

வைகைக்கரை
நிராகரித்த கல்கி இன்னும் இரண்டு இருக்கிறது, இரண்டு விதமாகவும் கட்டுகிறேன். அதுவரை புனேக்கும் பெங்களூருக்கும் போகிற செட்களில் கல்கியை மட்டும் காகிதக்கூழில் செய்ததாக மாற்றி அனுப்புகிறேன், எடை பாதிகூட இல்லை, காலும் வளைந்து கொடுக்கிறது. வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டேன், ஒருவரைத் தவிர எல்லாரும் சரி என்றார்கள். அவருக்குக் களிமண் கல்கியேதான் வேண்டுமாம், மதுரைக்கு வரும்போது கையில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்.